டெபாசிட் மீது கடன்: அந்த 1 சதவீதம் உண்மையில் எவ்வளவு?

“வங்கியில் 5 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்கு 3 வருட டெபாசிட்டில் போட்டிருக்கிறேன். வட்டி அதிலேயே சேர்ந்துகொண்டு போகும் வகை. 2 வருடம் முடிந்துவிட்டது. இப்போது வீட்டு வேலைக்கு 4 லட்சம் தேவைப்படுகிறது. ‘டெபாசிட்டை உடைக்காதீர்கள், அதன் மீது 8 சதவீதத்துக்குக் கடன் தருகிறோம், 7 உங்களுக்கு வருகிறது, ஆக 1 சதவீதம்தான் செலவு’ என்கிறார் மேலாளர். அப்படியானால் வருடத்துக்கு வெறும் 4,000 ரூபாய்தானே? நான் 30 சதவீத வருமான வரி கட்டுபவன். ஒரு வருடத்துக்குள் கடனை அடைத்துவிடுவேன்.”

மேலாளர் சொன்ன கணக்கு ஒருவருக்குச் சரியாக இருக்கும்: வருமான வரியே கட்டாதவருக்கு. உங்களுக்கு அது பொருந்தாது. உங்கள் வரி வரம்பில் அந்த 1 சதவீதம் ஏறத்தாழ 3.4 சதவீதம் ஆகிறது. 4 லட்சத்துக்கு வருடம் 13,000 ரூபாய்க்கு மேல். அதனால் கடன் வாங்கவே கூடாது என்று பொருளில்லை. எத்தனை மாதத்தில் அடைப்பீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். டெபாசிட்டுக்கு வரும் 7 சதவீதத்தைக் கடன் சம்பாதித்துக் கொடுக்கவில்லை. நீங்கள் கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்த வட்டி வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே கடனுக்காகக் கையை விட்டுப் போகும் பணம் முழு 8 சதவீதம். அதிலிருந்து 7 சதவீதத்தைக் கழிப்பது ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடும்போதுதான் நியாயம்: “கடன் வாங்காமல் டெபாசிட்டை உடைத்தால் என்ன ஆகும்?” உடைத்தால் அந்த 7 சதவீதம் நின்றுபோகும். உடைக்காததால் அது தொடர்கிறது. இந்த ஒப்பீட்டில் மட்டும்தான் 8-இல் 7 போக மீதி 1 என்ற கணக்குக்கு இடமுண்டு.

இதை விளங்கிக்கொண்டால் ஒரு நடைமுறைப் பயன் உடனே கிடைக்கும். பல வங்கிகளில் கடன் வட்டி உங்கள் டெபாசிட்டின் வட்டியோடு கட்டப்பட்டிருக்கிறது. டெபாசிட் வட்டிக்கு மேல் 1 சதவீதம், சில இடங்களில் 2 சதவீதம். உங்களிடம் 6.25 சதவீதத்தில் இன்னொரு டெபாசிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அடகு வைத்தால் கடன் வட்டி 7.25 சதவீதம். 7 சதவீத டெபாசிட்டை வைத்தால் 8 சதவீதம். இரண்டு டெபாசிட்டும் தத்தம் வட்டியைத் தொடர்ந்து ஈட்டும். ஆகவே குறைந்த வட்டி டெபாசிட்டின் மீது வாங்கினால் 4 லட்சத்துக்கு வருடம் 3,000 ரூபாய் மிச்சம். “எதை வைத்தாலும் வித்தியாசம் 1 சதவீதம்தானே” என்று நினைத்து, கைக்கு வந்த ரசீதை நீட்டுபவர்கள் அதிகம். அந்த 3,000 ரூபாயை அவர்கள் விட்டுக்கொடுத்ததே அவர்களுக்குத் தெரிவதில்லை.

இப்போது வரிக்கு வருவோம். இந்தக் கணக்கு முழுவதும் தடம் மாறுவது இங்கேதான்.

டெபாசிட் வட்டி உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரம்பிலேயே வரிக்கு உள்ளாகிறது. 30 சதவீதமும் அதன் மீது 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம். கடனுக்குக் கட்டும் வட்டியை இந்த வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியுமா? “அதே வங்கி, அதே டெபாசிட், ஒரு கையால் வட்டி கொடுத்து மறு கையால் வாங்குகிறார்கள், மிச்சத்துக்கு மட்டும்தானே வரி போட வேண்டும்” என்று தோன்றுவது இயல்பு. இதே வாதம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2001-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டெபாசிட்டில் வரும் வட்டி முழுவதும் வருமானம். அதன் மீது வாங்கிய சொந்தக் கடனின் வட்டியை அதிலிருந்து கழிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. காரணம் எளிது. அந்தக் கடன் வட்டி, டெபாசிட் வருமானத்தை ஈட்டுவதற்காகச் செய்த செலவு அன்று. டெபாசிட் முன்பே இருந்தது. கடன் வேறொரு தேவைக்காக வந்தது.

ஆக, வரவில் வரி பிடிபடுகிறது, செலவில் எந்தச் சலுகையும் இல்லை. இதை ஒரே வரியில் எழுதினால் இப்படி வரும்:

நிகரச் செலவு = கடன் வட்டி − டெபாசிட் வட்டி × (1 − வரி விகிதம்)

இதில் உங்கள் எண்களைப் போடுவதற்கு முன் வட்டி எப்படிச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். டெபாசிட் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேர்கிறது. 7 சதவீதம் என்பது வருட முடிவில் 7.186 சதவீதமாகிறது. கடன் வட்டியோ மாதா மாதம் ஏறுகிறது. அவ்வப்போது கட்டாமல் விட்டால் 8 சதவீதம் வருட முடிவில் 8.3 சதவீதமாகிவிடும். 4 லட்சத்துக்கு டெபாசிட் பக்கம் வரவு 28,744 ரூபாய். கடன் பக்கம் செலவு 33,200 ரூபாய். வித்தியாசம் 4,456. மேலாளர் சொன்ன 4,000 இங்கேயே கொஞ்சம் கூடிவிட்டது. (வட்டியை மாதா மாதம் கையிலிருந்து கட்டினால் 32,000 ரூபாயோடு நிற்கும். ஆனால் அந்தப் பணம் உங்கள் சேமிப்பிலிருந்து முன்கூட்டியே போகிறது என்பதால் உண்மை வேறுபாடு மிகக் குறைவு.)

வரி கட்டாதவருக்கு இதுவே முடிவு: 4,456 ரூபாய், அதாவது 1.1 சதவீதம். உங்களுக்கு 28,744 ரூபாய் வட்டியில் 8,968 ரூபாய் வரியாகப் போகிறது, மிஞ்சுவது 19,776. கடன் வட்டி 33,200-லிருந்து அதைக் கழித்தால் 13,424 ரூபாய். 3.36 சதவீதம் என்பது இதுதான். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு இதே கணக்கு 10,435 ரூபாயில், 2.6 சதவீதத்தில் நிற்கும். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால், அந்த எல்லைக்குள் இருப்பவர்கள் வரி கட்டாதவர் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம்.

வங்கி டி.டி.எஸ். பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வருடத்துக்கு 50,000 ரூபாய் வரை (மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம் வரை) வட்டிக்கு வங்கி டி.டி.எஸ். பிடிப்பதில்லை, அவ்வளவுதான். உங்கள் டெபாசிட்டின் மூன்றாம் வருட வட்டி 41,000 ரூபாய் சொச்சம், பிடித்தம் இருக்காது. ஆனால் வருமான வரிக் கணக்கில் காட்டி வரி கட்டியே ஆக வேண்டும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். கடன் பணம் கடைக்கோ தொழிலுக்கோ போகிறது என்றால் அந்த வட்டி தொழில் செலவு. தொழில் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அப்போது வரவிலும் செலவிலும் வரி ஒரே அளவில் விளையாடுவதால், நிகரச் செலவு மீண்டும் 1 சதவீதத்தை ஒட்டியே வந்துவிடும். அதற்குக் கடன் தொகை நேராகத் தொழில் கணக்குக்குப் போயிருக்க வேண்டும். வீட்டுக் கணக்குக்கு வந்து பாதி செலவான பிறகு மீதி கடைக்குப் போனால் நிரூபிப்பது கடினம். உங்களுடையது வீட்டு வேலை. ஆகவே இந்த வழி உங்களுக்கு இல்லை.

3.36 சதவீதம் என்றதும் “அப்படியானால் உடைத்துவிடலாம்” என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. உடைப்பதற்கும் விலை உண்டு. அதை இப்போது எடைபோடுவோம்.

முதிர்வுக்கு முன் டெபாசிட்டை முடித்தால் வங்கி 7 சதவீதத்தைத் தராது. நீங்கள் பணம் போட்ட நாளில் 2 வருட டெபாசிட்டுக்கு என்ன வட்டி இருந்ததோ அதை எடுத்து, அதிலிருந்து அபராதத்தைக் கழித்துத் தரும். அபராதம் பெரும்பாலும் அரை சதவீதம் முதல் 1 சதவீதம் வரை. அன்றைய 2 வருட வட்டி 6.8 சதவீதம், அபராதம் அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்குக் கிடைப்பது 6.3 சதவீதம். அதுவும் முதல் நாளிலிருந்தே. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அபராதம் அரை சதவீதம் என்றால் 5 லட்சத்தில் 2,500 ரூபாய் ஒருமுறை போகும் என்று நினைக்கிறார்கள். இல்லை. வட்டி விகிதம் 7-லிருந்து 6.3 ஆகி, கடந்த 2 வருடத்துக்கும் சேர்த்துக் குறைகிறது. இன்று உங்கள் டெபாசிட்டின் மதிப்பு 5,74,441 ரூபாய். உடைத்தால் கைக்கு வருவது 5,66,584 ரூபாய். இழப்பு 7,857 ரூபாய்.

வட்டி குறைந்ததால் அதற்குரிய வரியும் குறையும். முந்தைய வருட வட்டிக்கு நீங்கள் ஏற்கெனவே வரி கட்டியிருப்பீர்கள். இந்த வருட வட்டி வரவு அந்த அளவுக்குக் குறைந்து வருவதால் இங்கே ஈடாகிவிடும். அதைக் கழித்தால் உங்களுக்கு உண்மையான இழப்பு ஏறத்தாழ 5,400 ரூபாய்.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உடைப்பது ஒரே தடவையில் 5,400 ரூபாய் இழப்பு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கடன் வாங்குவது தொடக்கத்தில் ஒன்றுமில்லை. ஆனால் மாதம் 1,119 ரூபாய் கசிந்துகொண்டே இருக்கும் (13,424-ஐ 12-ஆல் வகுத்தால் வருவது). கசிவு எப்போது 5,400-ஐத் தொடுகிறதோ அதுவரை கடன் லாபம். அதைத் தாண்டினால் உடைத்திருக்கலாம். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 5 மாதம் வருகிறது.

இதில் இன்னொரு சிறு கூறும் சேர்கிறது. உடைத்தால் 4 லட்சம் போக மீதமுள்ள 1,66,584 ரூபாயை மறுபடி எங்காவது போட வேண்டும். 2025-இல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதமாகக் குறைத்ததும் டெபாசிட் வட்டியும் இறங்கிவிட்டது. பழைய 7 சதவீதம் இப்போது எளிதில் கிடைக்காது, 6.5 என்று வைத்துக்கொள்வோம். அந்த இழப்பு உங்கள் அளவில் மாதம் ஐம்பது ரூபாய் சொச்சம்தான் என்பதால் 5 மாதம் என்ற எல்லை பெரிதாக நகராது. ஆனால் 25 லட்ச ரூபாய் டெபாசிட்டை வெறும் 4 லட்சத் தேவைக்காக உடைக்கப் போகிறவர் இந்தக் கூறைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவருக்குப் பெரிய இழப்பே, தொடத் தேவையில்லாத 21 லட்சத்தின் வட்டி குறைவதில்தான் இருக்கிறது. டெபாசிட் போடும்போதே ஒரே ரசீதாக இல்லாமல் நான்கைந்தாகப் பிரித்துப் போடச் சொல்வது இதனால்தான். தேவையானதை மட்டும் உடைக்கலாம்.

மற்ற வரம்புகளுக்கும் இதே கணக்கைச் செய்து பார்த்தேன். 20 சதவீதக்காரருக்கு எல்லை ஏழெட்டு மாதத்தில் வருகிறது. வரி கட்டாதவருக்கு 2 வருடத்தையும் தாண்டிப் போகிறது. உங்கள் டெபாசிட்டில் மீதியிருப்பது ஒரு வருடம்தான் என்பதால், வரி கட்டாத ஒருவர் உங்கள் இடத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கடன் வாங்கலாம். மேலாளர் தவறாகச் சொல்லவில்லை. அவர் எல்லோருக்கும் ஒரே கணக்கைச் சொல்கிறார்.

“ஒரு வருடத்துக்குள் அடைத்துவிடுவேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி அடைப்பீர்கள் என்பது மிக முக்கியம். ஒரு வருடம் கழித்து, டெபாசிட் முதிரும்போது அதிலேயே கழித்துக்கொள்வது உங்கள் திட்டம் என்றால், உடைப்பதுதான் நல்லது. இரண்டு வழியிலும் வருட முடிவில், வரி போக, கையில் மிஞ்சுவதைக் கணக்கிட்டால் உடைத்தவர் ஏறத்தாழ 7,000 ரூபாய் முன்னே நிற்கிறார். மாதா மாதம் சம்பளத்திலிருந்து சம தவணையாகக் கட்டுவதாக இருந்தால் கதை வேறு. நிலுவை மாதந்தோறும் குறைகிறது. 9 மாதத்தில் கட்டி முடித்தால் சராசரி நிலுவை பாதியைச் சற்றுத் தாண்டி மட்டுமே இருக்கும். 9 மாதம் சிறுகச் சிறுகக் கட்டுவது, முழுத் தொகையையும் 5 மாதம் வைத்திருந்துவிட்டு மொத்தமாகக் கட்டுவதற்குச் சமம். ஆகவே 9 மாதத்துக்குள் தவணையாக முடிக்க முடியும் என்று உறுதியிருந்தால் கடன் வாங்குங்கள். இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் போனஸோ சீட்டுப் பணமோ வருகிறது என்றால் யோசிக்கவே தேவையில்லை, கடன்தான். 12 மாதத் தவணை என்றால் இரண்டுக்கும் இடையே ஓரிரண்டாயிரம் ரூபாய்தான் வேறுபாடு. அந்தத் தொகைக்காக, எந்த வழி உங்கள் மனத்துக்கு ஒப்புகிறதோ அதில் போகலாம்.

தவணையாகக் கட்ட நினைத்தால் கடனாக வாங்காமல் ஓவர்டிராப்ட்டாகக் கேளுங்கள். டெபாசிட் மதிப்பில் பொதுவாக 90 சதவீதம் வரை எல்லை தருவார்கள். எவ்வளவு எடுக்கிறீர்களோ அதற்கு, எத்தனை நாள் வைத்திருக்கிறீர்களோ அத்தனை நாளைக்கு மட்டும் வட்டி. வீட்டு வேலைக்கு 4 லட்சமும் முதல் நாளே தேவைப்படாது. சிமெண்டுக்கும் கம்பிக்கும் இப்போது, டைல்ஸுக்கு இரண்டு மாதம் கழித்து, பெயிண்டுக்கு அதற்கும் பின்னால் என்று எடுத்துக்கொண்டே போகலாம். சம்பளம் வந்ததும் கொஞ்சம் உள்ளே போட்டுவிட்டால் அன்றிலிருந்தே வட்டி குறையும். 5 மாத எல்லை என்று நான் சொன்னது 4 லட்சமும் முதல் நாளே எடுத்துவிட்டதாக வைத்துப் போட்ட கணக்கு. ஓவர்டிராப்ட்டில் படிப்படியாக எடுத்தால் அந்த எல்லை உங்களுக்குச் சாதகமாக நீளும்.

வட்டியை மாதாமாதம் ஓவர்டிராப்ட் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். கட்டாமல் விட்டாலும் உடனே யாரும் கேட்கமாட்டார்கள். உங்கள் டெபாசிட்டும் கூடவே வளர்வதால் வங்கிக்குப் பயமில்லை. ஆனால் மாதாந்திர வட்டியைச் சேமிப்புக் கணக்குக்கு வாங்கிக்கொள்ளும் வகை டெபாசிட்டில் இது ஆபத்து. அங்கே அசல் வளராமல் அப்படியே நிற்கும். கடன் மட்டும் ஏறும். 90 சதவீதம் முழுவதும் எடுத்துவிட்டு 8 சதவீதத்தில் வட்டி கட்டாமல் விட்டால் 16-ஆம் மாதத்தில் கடன் டெபாசிட்டின் அசலைத் தொட்டுவிடும். அதற்கு முன்பே வங்கி டெபாசிட்டை முடித்துக் கடனில் வரவு வைத்துக்கொள்ளும். ஓய்வூதியம்போல் மாத வட்டியை நம்பி டெபாசிட் போட்டிருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள். மாத வட்டி கைக்கு வருகிறது, கடனுக்கு யாரும் கேட்கவில்லை என்று இருந்துவிடுவார்கள். ஒருநாள் அசலே இருக்காது.

வரிச் சேமிப்புக்காகப் போட்ட 5 வருட டெபாசிட் இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. அதை முன்கூட்டி உடைக்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது.

வங்கிக்குப் போகும்போது மூன்று எண்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: கடன் வட்டி டெபாசிட் வட்டிக்கு மேல் எத்தனை சதவீதம், இன்று டெபாசிட்டை முடித்தால் கைக்கு வரும் தொகை ரூபாயில் எவ்வளவு, இன்றைய தேதியில் டெபாசிட்டின் மதிப்பு எவ்வளவு. இரண்டாவதற்குச் சதவீதத்தில் பதில் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்; கணினியில் போட்டு ரூபாயில் சொல்ல அவர்களால் முடியும். மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் உடைக்கும் இழப்பு. நான் 6.8 சதவீதம், அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டது உங்கள் வங்கியில் வேறாக இருந்தால், 7,857 என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டு, வரிக்காக 0.688-ஆல் பெருக்கி, 1,119-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வருவது உங்கள் எல்லை மாதம்.

கடனை அடைத்ததும் டெபாசிட்டின் மீதுள்ள அடமானக் குறிப்பை நீக்கிவிட்டார்களா என்று ரசீதிலும் இணையக் கணக்கிலும் பாருங்கள். அது நீங்காமல் கிடந்தால் முதிர்வு நாளில் பணம் சேமிப்புக் கணக்குக்கு வராமல் நின்றுவிடலாம். அந்த நாட்களுக்கு 7 சதவீதம் வருவதற்கும் உத்தரவாதமில்லை.